இருப்பாய்வு இடிக்கும்போதும், இடிக்காதபோதும்: அனாமத்து வழியே பிழை நீக்கும் முறை

குன்னூர் மார்க்கெட்டை ஒட்டிய சில கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒன்று தேயிலைத் தூள், வர்க்கி, நீலகிரி தைலம் விற்கும் கடை. உரிமையாளருக்குக் கம்ப்யூட்டரில் நம்பிக்கை இல்லை. கொள்முதல் ஏடு, விற்பனை ஏடு, ரொக்க ஏடு, பேரேடு எல்லாம் கையெழுத்துத்தான். 2025 மார்ச் 31-ஆம் தேதிக்கு இருப்பாய்வு போட்டபோது பற்றுப் பக்கம் 18,46,300, வரவுப் பக்கம் 18,49,900 வந்தது. 3,600 ரூபாய் இடித்தது. அந்த ஒரு வித்தியாசத்தைத் தேடிப் போனதில் ஆறு இடத்தில் பிழை கிடைத்தது. அவற்றில் இரண்டுதான் அந்த 3,600-க்குக் காரணம். மற்ற நான்கையும் இருப்பாய்வு காட்டியிருக்கவே காட்டாது.

அறிகுறியை வைத்து எங்கே தேட வேண்டும், எப்படித் திருத்த வேண்டும், அதனால் லாபம் எவ்வளவு மாறும் என்பதை இந்தக் கடையின் எண்களோடே சொல்கிறேன்.

அறிகுறி: பற்றும் வரவும் ஒத்துவரவில்லை

முதல் வேலை, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் நிறுத்துவது. பற்றுப் பக்கம் 3,600 குறைந்ததால் அனாமத்து பற்று இருப்பு 3,600. அது தற்காலிகமாக இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும். உரிமையாளர் என்னிடம், "மூவாயிரத்து அறுநூறுதானே சார், இதர செலவுல போட்டு முடிச்சுடலாமே" என்றார். அப்படிச் செய்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

எல்லோரும் முதலில் பார்ப்பது இரண்டு சோதனைகள். வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பது ஒன்று. ஒரு தொகை பக்கம் மாறி விழுந்தால் வித்தியாசம் அதன் இரண்டு மடங்காக இருக்கும் என்பதால், 1,800 என்ற தொகையைத் தேடுவோம். மற்றது ஒன்பதால் வகுப்பது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். 3,600-ஐ ஒன்பதால் வகுத்தால் 400. அதாவது ஆயிரத்திலும் நூறிலும் இருக்கும் இலக்கங்கள் நான்கு வித்தியாசத்தில் இருந்து, இடம் மாறியிருக்க வேண்டும். 5,100 என்பது 1,500 ஆனது போல, 6,200 என்பது 2,600 ஆனது போல.

அரை நாள் தேடினேன். 1,800-ம் இல்லை, அப்படி ஒரு ஜோடியும் இல்லை. காரணம் எளிது. இந்த இரண்டு சோதனையும் பிழை ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். கண்ணில் படும் வித்தியாசம் பல பிழைகள் ஒன்றோடொன்று கழிந்து மிஞ்சிய தொகையாக இருந்தால், அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. சோதனைகளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அதன் பிறகு பலன் தருவது ஏடு ஏடாகப் பிரித்துப் பார்ப்பது. கொள்முதல் ஏட்டில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரக்கு கொடுத்தவர் கணக்கில் வரவாகிறது. மாதக் கூட்டுத்தொகை ஒரே எண்ணாகக் கொள்முதல் கணக்கில் பற்றாகிறது. ஆகவே ஒரு மாதத்தில் சரக்கு கொடுத்தவர்கள் கணக்கில் ஏறிய வரவுகளைக் கூட்டினால், கொள்முதல் கணக்கில் ஏறிய பற்றுக்குச் சமமாக வந்தே தீர வேண்டும். ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாதமாக இப்படிக் கூட்டி வந்தேன். டிசம்பரில் இடித்தது. மேட்டுப்பாளையம் மொத்த வியாபாரிகளின் பில்கள் நிறைந்த ஒரு பக்கத்தின் அடியில் 54,280 என்று சரியாகக் கூட்டியிருந்தது. அடுத்த பக்கத்தின் தலையில் "முன்பக்கக் கூடுதல் 45,280" என்று எழுதியிருந்தது. பக்கம் திரும்பும் நொடியில் ஐந்தும் நான்கும் இடம் மாறிவிட்டன. 9,000 ரூபாய் குறைவு.

இங்கேதான் திருத்தும் முறையைச் சொல்ல வேண்டும். எந்தப் பிழைக்கும் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். என்ன எழுதியிருக்கிறது? என்ன எழுதியிருக்க வேண்டும்? முதலாவதை இரண்டாவதாக மாற்ற எந்தக் கணக்கில் எவ்வளவு தேவை? இங்கே சரக்கு கொடுத்தவர்கள் கணக்குகள் எல்லாம் சரி. கொள்முதல் கணக்கு மட்டும் 9,000 குறைவு. திருத்த வேண்டிய கால் ஒன்றுதான், அதற்கு ஜோடி இல்லை. ஜோடி இல்லாத காலுக்குத் துணையாக நிற்பதுதான் அனாமத்து.

கொள்முதல் க/கு பற்று 9,000
அனாமத்து க/கு வரவு 9,000

அறிகுறி: திருத்தியதும் வித்தியாசம் கூடிவிட்டது

இந்தப் பதிவைப் போட்டதும் அனாமத்தின் பற்று இருப்பு 3,600, வரவு இருப்பு 5,400 ஆகிவிட்டது. பக்கமும் மாறியது, தொகையும் கூடியது. இந்த இடத்தில் நிறையப் பேர் பயந்து போய், தான் கண்டுபிடித்தது பிழையே இல்லை என்று நினைத்துப் பதிவை அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள். ஏட்டின் பக்கத்தில் கண்ணெதிரே நிற்கும் பிழை, பிழைதான். வித்தியாசம் கூடியது என்றால் எதிர்த்திசையில் இன்னொரு பிழை இதுவரை ஒளிந்திருந்தது, இப்போது முழு உருவத்தில் வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது பழைய சோதனைகளுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. 5,400-இல் பாதி 2,700. ரொக்க ஏட்டில் 2,700 என்ற தொகையைத் தேடியதும் கிடைத்தது. ஒரு ஹோம்ஸ்டேக்காரர் பாக்கியில் 2,700 ரொக்கமாகக் கட்டியிருக்கிறார். ரொக்க ஏட்டில் வரவினமாகச் சரியாக ஏறியிருக்கிறது. பேரேட்டில் அவர் கணக்கில் வரவு வைப்பதற்குப் பதிலாகப் பற்று வைத்திருக்கிறது. கட்டிய பணத்துக்கு அவர் கடன் குறைய வேண்டும். குறையாதது மட்டுமல்ல, அதே அளவு கூடியும் இருக்கிறது. அதனால் திருத்தத் தொகை இரண்டு மடங்கு.

அனாமத்து க/கு பற்று 5,400
ஹோம்ஸ்டே க/கு வரவு 5,400

இந்த இடத்தில் புதிதாகக் கற்பவர்கள் 2,700 மட்டும் போட்டு நிறுத்திவிடுவார்கள். 2,700 தவறான பற்றை அழிக்கத்தான் போதும். கட்டிய பணத்துக்கான வரவு இன்னும் ஏறவில்லை.

அனாமத்து பூஜ்யம் ஆயிற்று. இப்போது "இதர செலவு" யோசனையைத் திரும்பப் பாருங்கள். 3,600-ஐச் செலவில் தள்ளியிருந்தால் லாபம் 3,600 குறைந்திருக்கும். உண்மையில் குறைய வேண்டியது 9,000. ஏனென்றால் கொள்முதல் பிழை மட்டும்தான் லாபத்தைத் தொடும். ஹோம்ஸ்டேக்காரர் கணக்கு ஆள்சார் கணக்கு, அதனால் லாபத்துக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அந்த மனிதர் தர வேண்டாத கடனாக 5,400 ரூபாய் அவர் தலையில் நின்றிருக்கும். அதைக் கேட்டு ஆள் அனுப்பியும் இருப்போம்.

அறிகுறி: அனாமத்து பூஜ்யம், ஆனால் பார்ட்டி "நான் அவ்வளவு தர வேண்டியதில்லை" என்கிறார்

ஒரு வாரம் கழித்து அப்பர் குன்னூர் ஓட்டல் ஒன்றிலிருந்து போன் வந்தது. நாம் அனுப்பிய பாக்கிச் சீட்டு 4,000 ரூபாய் அதிகமாக இருக்கிறது என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன், 12,500. விற்பனை ஏட்டில் 12,500. பேரேட்டில் ஓட்டல் கணக்கில் 16,500. கொக்கி சரியாக வளையாத 2, அவசரத்தில் 6 ஆகப் படிக்கப்பட்டிருக்கிறது.

இது ஒரு பக்கத்துப் பிழை. வழக்கப்படி அனாமத்தில் 4,000 ரூபாய் வித்தியாசத்தைக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் இருப்பாய்வு ஒத்து, அனாமத்து மூடிவிட்டதே? ஒரே விளக்கம்தான். இதே 4,000-ஐ எதிர்த்திசையில் ஈடுசெய்யும் இன்னொரு பிழை எங்கோ இருக்கிறது. பாடப்புத்தகம் இதைத்தான் ஈடுசெய் பிழைகள் என்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு தவறுகள் தற்செயலாக ஒரே தொகையில் எதிரெதிரே விழுவது.

ஜோடி கிடைக்கும்வரை காத்திருக்காமல் முதலில் தெரிந்ததைத் திருத்திவிடுங்கள்.

அனாமத்து க/கு பற்று 4,000
ஓட்டல் க/கு வரவு 4,000

மூடிய அனாமத்து மறுபடி 4,000 பற்றோடு திறந்துகொள்ளும். அது நல்லதே. இன்னொரு பிழை பாக்கி இருக்கிறது என்பதற்கு அதுதான் எழுத்து மூலமான நினைவூட்டல். அதன் அளவும் திசையும் இப்போது கையில் இருக்கின்றன. எங்கோ பற்று 4,000 குறைந்திருக்கிறது, அல்லது வரவு 4,000 கூடியிருக்கிறது.

கொள்முதலுக்குச் செய்ததை விற்பனைக்குச் செய்தேன். கடன் வாங்கியவர்கள் கணக்கில் ஏறிய பற்றுகளின் மாதக் கூட்டுத்தொகையையும், விற்பனைக் கணக்கில் ஏறிய வரவையும் ஒப்பிட்டேன். மே மாதத்தில் பிடிபட்டது. சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சி நடக்கும் மாதம், சீசன் உச்சத்தில் இருக்கும், ஏடு பக்கம் பக்கமாக ஓடும். ஆயிரங்களின் வரிசையைக் கூட்டும்போது மிச்சம் ஏற்றியதில் பிழை, கூட்டுத்தொகை 4,000 அதிகம்.

விற்பனை க/கு பற்று 4,000
அனாமத்து க/கு வரவு 4,000

இந்த ஜோடியால் லாபம் என்ன ஆகும்? இருப்பாய்வில் ஒன்றையொன்று ஈடுசெய்தது என்பதால் லாபத்திலும் ஈடுசெய்துவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. ஓட்டல் கணக்கு லாபத்தைத் தொடாது, விற்பனைக் கணக்கு தொடும். ஆகவே லாபம் 4,000 குறைய வேண்டும், கடனாளிகளும் 4,000 குறைய வேண்டும். இரண்டு பிழையும் வருமானம், செலவுக் கணக்குகளிலேயே விழுந்திருந்தால், உதாரணமாகக் கூலி 4,000 கூடி விற்பனையும் 4,000 கூடியிருந்தால், லாபம் மாறாமலே இருந்திருக்கும். ஜோடியை ஜோடியாகப் பார்க்காமல், ஒவ்வொரு காலும் எந்தக் கணக்கில் நிற்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விற்பனை ஏட்டிலேயே 16,500 என்று ஏறியிருந்தால் கதை வேறு. அப்போது ஓட்டல் கணக்கும் விற்பனைக் கணக்கும் சேர்ந்தே 4,000 கூடியிருக்கும். ஒரே பிழை, இரண்டு கால், அனாமத்துக்கு வேலையில்லை. விற்பனைக்கு நேரடியாகப் பற்று, ஓட்டலுக்கு நேரடியாக வரவு. பேரேட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆதார ஏட்டைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அதனால் பில், ஏடு, பேரேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் திருத்தப் பதிவு எழுதக் கூடாது.

அறிகுறி: எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனால் ஒரு செலவு மட்டும் விசித்திரமாக எகிறுகிறது

இது விதிப் பிழையின் முகம். இதை எந்தக் கூட்டலும் கழித்தலும் காட்டாது. பற்று வைத்தது சரியான தொகை, சரியான பக்கம், ஆனால் கணக்கின் இனமே தவறு. அதனால் இருப்பாய்வு கண்ணாடி போல இருக்கும். கண்ணால் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். பழுதுபார்ப்பு, கொள்முதல், இதர செலவு, கட்டடம், இயந்திரம் ஆகிய கணக்குகளை எடுத்து, வழக்கத்துக்கு மேல் பெரிதாக உள்ள ஒவ்வொரு வரிக்கும் பில்லைக் கேட்கிறேன். இந்தக் கடையில் பழுதுபார்ப்பு மாதம் ஆயிரம் ரூபாய் சுற்றித்தான் வரும். அக்டோபரில் மட்டும் 25,100. அதில் 24,000 அக்டோபர் 1-ஆம் தேதி வாங்கிய, தேயிலை பாக்கெட்டுக்குச் சீல் போடும் மெஷின். மெஷின் கொண்டு வந்தவர் பழைய மெஷினையும் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே சீட்டில் வந்ததால் மொத்தமும் பழுதுபார்ப்பில் போய்விட்டது.

இயந்திரம் க/கு பற்று 24,000
பழுதுபார்ப்பு க/கு வரவு 24,000

அனாமத்து இங்கே வரவே வராது. இரண்டு காலும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் இதோடு நிறுத்தினால் லாபம் மறுபடியும் தப்பு. சொத்து என்று ஒப்புக்கொண்டால் அதற்குத் தேய்மானம் எழுத வேண்டும். இந்தக் கடை இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் எழுதுகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்துக்கு 1,200.

தேய்மானம் க/கு பற்று 1,200
இயந்திரம் க/கு வரவு 1,200

தேர்விலும் சரி, கடையிலும் சரி, மறந்துபோகும் பதிவு இதுதான். லாபம் 24,000 கூடாது, 22,800-தான் கூடும்.

எதிர்த்திசையிலும் ஒன்று இருந்தது. இங்கே வடகிழக்குப் பருவமழை நன்றாகவே கொட்டும். நவம்பரில் கூரைத் தகடுகள் ஒழுகி, ஓட்டை அடைத்து, சில தகடுகளை மாற்றிய செலவு 8,000. அது கட்டடக் கணக்கில் பற்றாகியிருந்தது. கூரை பழைய நிலைக்கே வந்தது, அதற்கு மேல் எதுவும் கூடவில்லை. ஆகவே இது அந்த ஆண்டின் செலவு. கூரையையே பிரித்துப் புதிய இரும்புச் சட்டம் போட்டு உயர்த்தியிருந்தால் சொத்தில்தான் சேர்த்திருப்பேன். நடுவில் விழும் வேலைகளும் உண்டு. அவற்றுக்குக் கொத்தனாரிடமே பேசி என்ன செய்தார் என்று கேட்டு முடிவு செய்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பழுதுபார்ப்பு க/கு பற்று 8,000
கட்டடம் க/கு வரவு 8,000

ஆண்டு இறுதியில் கட்டட இருப்பின் மேல் 5 சதவீதம் தேய்மானம் ஏற்கெனவே எழுதியிருந்தோம். அதில் இந்த 8,000-க்கு விழுந்த 400-ஐத் திரும்ப எடுக்க வேண்டும்.

கட்டடம் க/கு பற்று 400
தேய்மானம் க/கு வரவு 400

லாபம் நிகரமாக 7,600 குறையும்.

லாபத்தை மறுபடி போடுவது

முதலில் போட்ட நிகர லாபம் 3,12,400. திருத்தப் பதிவுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வருமானமோ செலவோ ஆன கணக்கின் காலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் பற்றாக இருந்தால் லாபம் குறையும், வரவாக இருந்தால் கூடும். ஆள்சார் கணக்கையும் சொத்தையும் அனாமத்தையும் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

| விவரம் | ரூபாய் |
|---|---|
| முதலில் போட்ட லாபம் | 3,12,400 |
| கொள்முதல் முன்பக்கக் கூடுதல் | − 9,000 |
| ஹோம்ஸ்டே பக்கம் மாறியது | 0 |
| ஓட்டல் கணக்கு | 0 |
| மே மாத விற்பனைக் கூட்டல் | − 4,000 |
| சீல் மெஷின், தேய்மானம் போக | + 22,800 |
| கூரை வேலை, தேய்மானம் போக | − 7,600 |
| திருத்திய லாபம் | 3,14,600 |

மொத்த மாற்றம் 2,200-தான். அதைக் கேட்டதும் உரிமையாளர், "இதுக்கா சார் இவ்வளவு நாள்?" என்றார். மொத்த லாபத்தைத் தனியாக எடுத்துக் காட்டினேன். கொள்முதலிலும் விற்பனையிலும் மட்டும் 13,000 குறைந்திருக்கிறது. கடையின் உண்மையான வியாபார லாப விகிதம் அவர் நினைத்ததைவிடக் கீழே. அதை வைத்துத்தான் அவர் ஓட்டல்களுக்கு விலை சொல்கிறார். சட்டென்று கொள்முதல் ஏட்டைத் தன் பக்கம் இழுத்து டிசம்பர் பில்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டரில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல். டேலி போன்ற மென்பொருளில் ஒரு பக்கம் மட்டும் ஏறும் பதிவை அது ஏற்காது. கூட்டலிலும் முன்பக்கக் கூடுதலிலும் பிழை வராது. ஆனால் தொடக்க இருப்புகள் ஒவ்வாவிட்டால் `Difference in opening balances` என்று காட்டும். வங்கியில் யார் போட்டது என்று தெரியாத பணத்தை `Suspense A/c` குழுவில் நிறுத்துபவர்களும் உண்டு. விதிப் பிழை மட்டும் கையெழுத்து ஏட்டில் நுழைவது போலவே அங்கேயும் சுலபமாக நுழையும். சீல் மெஷினைப் பழுதுபார்ப்பில் போட்டால் மென்பொருள் ஒரு வார்த்தை கேட்காது.

அறிகுறி: கணக்கை மூடி, அடுத்த ஆண்டு நடக்கும்போது பிழை தெரிகிறது

மேலே சொன்ன பதிவுகள் எல்லாம் கொள்முதல், விற்பனை, பழுதுபார்ப்புக் கணக்குகள் இன்னும் திறந்திருந்ததால் எழுத முடிந்தவை. லாப நட்டக் கணக்குக்கு மாற்றி ஆண்டை மூடிவிட்டால் அந்தக் கணக்குகளில் போன ஆண்டு இருப்பு எதுவும் இல்லை. இப்போது கொள்முதலில் 9,000 பற்று வைத்தால், அது இந்த ஆண்டுக் கொள்முதலில் சேர்ந்து இந்த ஆண்டு லாபத்தைக் கெடுக்கும்.

அதனால் வருமான, செலவுக் கணக்குகளின் இடத்தில் லாப நட்டச் சரிக்கட்டுதல் கணக்கை நிறுத்துங்கள். ஹோம்ஸ்டே, ஓட்டல், இயந்திரம், கட்டடம், அனாமத்து எல்லாம் தொடர்ந்து வரும் கணக்குகள், அவற்றை அப்படியே வைக்கலாம். நம் கடையில் இது அடுத்த ஆண்டு தெரிந்திருந்தால் சரிக்கட்டுதல் கணக்கின் பற்றில் 9,000, 4,000, 7,600 ஆக 20,600, வரவில் 22,800. மிச்சம் 2,200 வரவு. தனி உரிமையாளர் கடை என்பதால் அது நேராக அவர் முதல் கணக்குக்குப் போகும்.

லாப நட்டச் சரிக்கட்டுதல் க/கு பற்று 2,200
முதல் க/கு வரவு 2,200

புதிய ஆண்டில் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதும்போது 22,800-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன ஆண்டுக்கு வருமான வரிக் கணக்கு ஏற்கெனவே தாக்கல் செய்திருந்தால், இந்தச் சரிக்கட்டுதல் கணக்கின் நகலோடு ஆடிட்டரிடம் போய், திருத்திய கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.